மண்வாசனைக் கவிதையில் மழை கொட்டக் கூடாது

முதல் மழையின் மண்வாசனை பற்றிய குறுங்கவிதைகள் பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் வருகின்றன:

கொட்டும் மழையில்
எழும்
மண்வாசனை
என் மனதை மயக்குகிறது
தாய்மடி போல

முதல் வரியே தடுக்குகிறது. கொட்டுகிற மழையில் அந்த வாசனை அவ்வளவாக எழாது. காய்ந்த மண்ணில் துளி விழும்போது, மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று குமிழாகி, துளியின் ஊடே மேலேறி வெடிக்கிறது. அப்போது தெறிக்கும் நுண்திவலைகள் வாசனையைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். தூறலிலும் மிதமான மழையிலும் திவலைகள் அதிகம், வலுத்த மழையில் குறைவு என்பதும் அதில் தெரிந்தது. தூரத்தில் தூறினாலே காற்று அந்த மணத்தை இங்கே கொண்டுவந்துவிடும். மண் ஊறியதும் அது அடங்கிவிடும். மழை இன்னும் வந்து சேராத அந்தச் சில நிமிடங்கள்தான் கவிதைக்குரிய இடம். பலரும் அதைத் தாண்டிப் போய் நனைந்துகொண்டு எழுதுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘ஜியோஸ்மின்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டாம். மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அந்த வேதிப்பொருள்தான் முக்கியமாக மணக்கிறது, சரி. ஆனால் வாசகர் மூக்கில் அந்தப் பெயர் மணக்காது.

அடுத்தது ‘மனதை மயக்குகிறது’. என்ன நடந்தது என்று சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்கிற வரி இது. மல்லிகைக்கும் இதே வரிதான், காதலுக்கும் இதே வரிதான். வாசனை வந்ததும் யார் என்ன செய்தார் என்று எழுதினால் மயக்கம் தானாக வரும். தாய்மடிக்கும் இங்கே வேலை இல்லை. அதில் மண்ணும் இல்லை, ஈரமும் இல்லை.

அப்புறம் வரி முறிப்பு. ‘எழும்’ தனியாக நிற்க ஒரு காரணமும் இல்லை. பார்வைக்குக் கவிதை மாதிரி இருக்கட்டும் என்று உடைத்திருக்கிறார்கள். தமிழ் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் முறித்தால், என்ன ஆயிற்று என்று வாசகர் ஒரு கணம் காத்திருப்பார். முறிப்பு அங்கே உதவும்.

மேலே உள்ளதை இப்படித் திருத்தலாம்:

வானத்தை யாரும் பார்க்கவில்லை
ஆனாலும் கொடியில் துணிகளை
அவசரமாய்
எடுக்கிறாள்

வாசனை என்ற சொல்லே இல்லை; இது கொஞ்சம் அதிகம்தான். தலைப்பில் ‘மண்வாசனை’ என்று வைத்தால் போதும், அவசரத்தின் காரணம் புரிந்துவிடும். ‘அவசரமாய்’ தேவையா என்று கேட்டால், தேவை என்பேன். அது போனால் காய்ந்த துணியைச் சும்மா எடுப்பதுபோல் ஆகிவிடும். கடைசியில் ‘மழை வரப்போகிறது’ என்று சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் முதல் வரி வீண்.