கண் படிக்கிறது, காது சும்மா இருக்கிறது: சப்டைட்டில் வைத்து மொழி கற்பவர்கள் செய்யும் தவறுகள்

வேற்று மொழிப் படங்களாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள். கதையெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அந்த மொழிக்காரர் ஒருவர் எதிரில் வந்து நாலு வார்த்தை பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. ‘இத்தனை படம் பார்த்தும் ஏன் இப்படி?’ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சப்டைட்டில் எந்த மொழியில் ஓடியது என்பதைத்தான். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

சப்டைட்டில் இரண்டு விதமாக உதவலாம். பேசுவதன் பொருளைச் சொல்லலாம், அல்லது காதில் விழும் ஒலி எந்தச் சொல் என்று காட்டலாம். தாய்மொழி சப்டைட்டில் முதல் வேலையைச் செய்கிறது. கற்கும் மொழியிலேயே ஓடும் சப்டைட்டில் இரண்டாவதைச் செய்கிறது. ஒன்றை ஓடவிட்டு மற்றதன் பலனை எதிர்பார்ப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முழுப் படத்தையும் தமிழ் சப்டைட்டிலோடு பார்ப்பது

‘கண் ஒரு பக்கம் படிக்கட்டும், காது ஒரு பக்கம் கேட்கட்டும்’ என்று நினைப்போம். அது அவ்வளவு எளிதில்லை. திரையில் எழுத்து தோன்றினால் கண் தானாகவே அங்கே போய்விடும். பெல்ஜியத்தில் த’இதேவால் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட கண் அசைவு ஆய்வு இதைக் காட்டியது. படத்தின் மொழி நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, தேவையே இல்லாதபோதும், சப்டைட்டிலைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆக ‘நான் பார்க்காமல் இருந்துகொள்வேன்’ என்பது நடக்காத காரியம். எழுத்து இருந்தால் படிப்பீர்கள்.

படித்தால் என்ன கெட்டுப்போகிறது? மிட்டரர், மக்வீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தெரிந்த டச்சுக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து அல்லது ஆஸ்திரேலிய உச்சரிப்பில் பேசும் ஆங்கிலக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில சப்டைட்டில், சிலருக்கு டச்சு சப்டைட்டில், சிலருக்கு எதுவும் இல்லை. பிறகு, அவர்கள் அதுவரை கேட்டிராத வசனத் துண்டுகளைப் போட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களோ, சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். தாய்மொழி எழுத்து காதுக்கு உதவாமல் போனது மட்டுமில்லை, இடைஞ்சலாகவும் இருந்திருக்கிறது. இவர்கள் ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. ஒரு மொழியில் இப்போதுதான் கால் வைப்பவருக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

தமிழில் படிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலப் படத்தில் ஒருவர், “ஐ வோன்ட் சைன் திஸ் அன்டில் யூ டெல் மீ ஹூ சென்ட் யூ” என்கிறார். கீழே தமிழில், ‘உன்னை அனுப்பியது யாரென்று சொல்லும்வரை இதில் கையெழுத்துப் போடமாட்டேன்’ என்று வருகிறது. கையெழுத்துப் போடமாட்டேன் என்ற சேதி காதில் முதலில் விழுகிறது, கண்ணுக்குக் கடைசியில் கிடைக்கிறது. காதில் விழும் எந்தச் சொல்லும் அந்த நொடியில் கண்ணில் படும் சொல்லோடு சேர்வதில்லை. கொரியன், ஜப்பானியம், இந்தி ஆகியவற்றில் வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியக் கடைசியில்தான் வரும். அந்த மொழிப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் ஓரளவு ஒத்துப்போகும்.

இங்கேதான் இன்னொரு பெரிய தவறு. கொரியத் தொடர் பார்த்துக் கொரியன் கற்பவர்களில் பலர் ஆங்கில சப்டைட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அது தாய்மொழியும் இல்லை, கற்கும் மொழியும் இல்லை. வாக்கிய வரிசை தலைகீழாகிறது. பேசுபவர் மரியாதையாகப் பேசுகிறாரா, உரிமையோடு ஒருமையில் பேசுகிறாரா என்பதும் மறைந்துவிடுகிறது. நம்முடைய நீ, நீங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’தானே? கொரியனில் அந்த வேறுபாடு வினைச்சொல்லின் முடிவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல தமிழ் சப்டைட்டில் கிடைத்தால் பொருளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில சப்டைட்டிலில் மாதக்கணக்காகத் தொடர் பார்ப்பவருக்கு உண்மையில் வளர்வது ஆங்கில வாசிப்பு வேகம்தான்.

டப்பிங் ஒலியையும் சப்டைட்டிலையும் ஒன்றாக நம்புவது

ஸ்பானிஷ் கற்பவர் ஓர் ஆங்கிலப் படத்தை ஸ்பானிஷ் டப்பிங்கில் போட்டு, ஸ்பானிஷ் சப்டைட்டிலும் வைக்கிறார். வாயில் ஒன்று வருகிறது, கீழே வேறொன்று ஓடுகிறது. தன் காதுதான் சரியில்லை என்று நொந்துகொள்கிறார். காதில் குறையில்லை. டப்பிங் வசனம் உதட்டசைவுக்கு ஏற்ப எழுதப்படுகிறது, சப்டைட்டில் தனியாக மூலப் படத்திலிருந்து மொழிபெயர்க்கப்படுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துவராது.

அதனால் கற்கும் மொழியிலேயே எடுக்கப்பட்ட படத்தைத் தேர்ந்தெடுங்கள். மெனுவில் வெறும் மொழிப்பெயர் மட்டும் உள்ள வரிசையும், பக்கத்தில் CC அல்லது SDH என்று போட்ட வரிசையும் இருந்தால் இரண்டாவதை எடுங்கள். காது கேளாதவர்களுக்காகத் தயாரித்தது அது. கதவு தட்டும் ஓசையைக்கூட எழுதியிருப்பார்கள், வசனத்தையும் பேசியபடியே தர முயல்வார்கள். அப்போதும் நூற்றுக்கு நூறு எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலத்தில் வரிக்குச் சுமார் 42 எழுத்து, அதிகம் போனால் இரண்டு வரி என்ற கணக்கில் எழுதுவது வழக்கம். வேகமாகப் பேசும் இடங்களில் ‘வெல்’, ‘யூ நோ’ போன்றவை முதலில் கழன்றுவிடும். தானாக உருவாகும் எழுத்து வரிசைகளில் பெயர்களும் முணுமுணுப்புகளும் தப்பும் தவறுமாக வரும். தொடக்க நிலையில் இருப்பவர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஒரேயடியாக அணைப்பது, அல்லது அணைக்கவே அணைக்காதது

‘இன்றோடு சப்டைட்டிலுக்கு முழுக்கு’ என்று சபதம் எடுப்பவர்கள், அரை மணி நேரத்தில் கதை புரியாமல் படத்தையே நிறுத்திவிடுவார்கள். மறுபக்கம், எல்லாம் புரியும் நிலைக்கு வந்த பிறகும் எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அணைக்கலாமா என்பதை மூன்று நிமிடக் காட்சி ஒன்றை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இதுவரை பார்க்காத காட்சி ஒன்றை எடுங்கள். இருவர் நிதானமாகப் பேசும் காட்சியாக இருக்கட்டும். சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிடிபடாத இடங்களில் நிறுத்தி, காதில் விழுந்ததை விழுந்தபடியே தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கற்கும் மொழியின் சப்டைட்டிலைப் போட்டு ஒப்பிடுங்கள்.

ஆங்கிலம் கற்கும் ஒருவர், அண்ணனும் தங்கையும் வீட்டை விற்பது பற்றி வாக்குவாதம் செய்யும் காட்சியை இப்படிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் ‘யூ ஷுடா டோல்மீ’ என்று குறித்திருக்கிறார். எழுத்தைப் பார்த்தால் ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ’. மூன்று வார்த்தையாகக் கேட்ட இடத்தில் ஐந்து வார்த்தை இருக்கிறது, ‘ஹேவ்’ கரைந்து ஒளிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்த சொற்கள், ஒட்டிப் பேசியதால் பிடிபடவில்லை. இது காதின் குறை. இன்னோரிடத்தில் ‘லீன்’ என்று ஏதோ கேட்டது. எழுத்தில் பார்த்தும் புரியவில்லை. அகராதியைப் புரட்டினால், கடனுக்கு ஈடாகச் சொத்தின்மேல் கடன் கொடுத்தவருக்கு இருக்கும் உரிமை என்று தெரிகிறது. இது சொல் தெரியாத குறை. மூன்றாவது இடத்தில் அவர் குறித்தது நீளமாக இருக்க, சப்டைட்டிலில் சுருக்கமாக ‘ஐ நோ’ என்று மட்டும் இருக்கிறது. திரும்பக் கேட்டால் அவர் எழுதியதுதான் சரி. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது முதல் இரண்டு வகையில் எது அதிகம் என்று பாருங்கள். படித்தால் புரிகிறது, கேட்டால்தான் புரியவில்லை என்ற வகை அதிகமானால், அந்தப் படத்துக்கு நீங்கள் சப்டைட்டிலை அணைக்கத் தொடங்கலாம். படித்தாலும் புரியாத இடங்களே அதிகமென்றால் அணைப்பதில் பலனில்லை. தெரியாத சொல்லை நூறு முறை கேட்டாலும் அது வெறும் சத்தம்தான். அப்போது தமிழ் சப்டைட்டிலோடு ஒருமுறை கதையைத் தெரிந்துகொண்டு, பிறகு கற்கும் மொழிக்கு மாற்றுங்கள், அல்லது எளிய படத்துக்குப் போங்கள். ஆங்கிலப் படங்களில் வரும் சொற்களில் சுமார் 95 சதவீதத்தைத் தெரிந்துகொள்ள, மிக அதிகமாகப் புழங்கும் 3,000 சொற்குடும்பங்கள் தேவை என்று வெப், ரோஜர்ஸ் ஆகியோரின் 2009 ஆய்வு கணக்கிட்டது. ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம். சில நூறு சொற்கள் மட்டும் தெரிந்தவர் ஏன் திணறுகிறார் என்பதை இது சொல்லிவிடும்.

காதின் குறை என்று கண்டுகொண்ட வரிகளுக்கு வைத்தியம் எளிது. எழுத்தைப் பார்த்த பின் அதை மறைத்து, அந்த ஒரு வரியை மட்டும் மூன்று நான்கு முறை ஓட்டி, கூடவே சொல்லிப் பாருங்கள். ‘ஷுடா’ என்பது ‘ஷுட் ஹேவ்’ என்று காதுக்குப் பழகிவிட்டால், அடுத்த படத்தில் ‘குடா’, ‘வுடா’ வரும்போது தடுமாற மாட்டீர்கள். விண்டோஸ் கணினியில் VLC பிளேயர் பயன்படுத்தினால் V விசை சப்டைட்டில் வரிசைகளை மாற்றிக்கொண்டே போய் அணைக்கவும் செய்யும், Shift-ஐ அழுத்திக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டினால் மூன்று விநாடி பின்னால் போகும். யூடியூபில் C விசை சப்டைட்டிலைப் போடவும் அணைக்கவும் உதவும்.

இதில் ஒரு மாயையும் உண்டு. எழுத்தைப் படித்த பிறகு அதே காட்சியை அணைத்துக் கேட்டால் எல்லாம் தெளிவாகக் கேட்கும். ‘ஆகா, காது திறந்துவிட்டது’ என்று தோன்றும். நினைவுதான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது. பயிற்சிக்கு அது நல்லது, தேர்வுக்கு உதவாது. முன்னேறியிருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் புதுக் காட்சியாகவே எடுங்கள்.

முழுப் படத்துக்கும் ஒரே தீர்ப்பு வேண்டியதில்லை. வீட்டுக்குள், மேசையில், காருக்குள் இருவர் பேசும் காட்சிகளில் முதலில் அணையுங்கள். நீதிமன்ற வாதம், மருத்துவப் பேச்சு, கூட்ட இரைச்சல், கிசுகிசுப்பு, பாட்டு ஆகியவற்றில் எழுத்து இருந்துவிட்டுப் போகட்டும். பழக்கமில்லாத வட்டார உச்சரிப்பு வந்தாலும் கற்கும் மொழியின் சப்டைட்டிலைத் தயங்காமல் போடுங்கள். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அங்கே எழுத்தைத்தான் தேடுகிறார்கள்.