அம்மாவை அழைத்து வருகிறீர்களா? எலும்புக்கு இங்கே வேறு நேரக்கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களுக்கு வேலைக்கு வருபவர்கள், கொஞ்சம் காலூன்றியதும் அம்மாவையோ மாமியாரையோ வரவழைத்துக்கொள்வது வழக்கம். வந்தவர் ஊரில் செய்ததையே இங்கேயும் செய்கிறார்: விடிந்தும் விடியாமலும் எழுந்து, தாமானைத் தாண்டி, செம்பனைக்குள் போகும் மண் பாதையில் ஒரு நடை. சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் ‘எலும்புக்கு வெயிலும் ஆச்சு, பயிற்சியும் ஆச்சு’ என்று நினைத்தால், அந்த நடையில் இரண்டுமே அனேகமாக இல்லை.

முதலில் வெயில். தோலில் வைட்டமின் டி உருவாக்குவது சூரியனின் புற ஊதா பி கதிர். சூரியன் தாழ இருக்கும்போது அது காற்றிலேயே வடிகட்டப்பட்டுவிடும். மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12.15 வாக்கில். மலேசியக் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுவதால், இங்கே உச்சி வெயில் 1.15 மணி சுமாருக்கு. அதாவது ஊரில் 8 மணிக்கு அடித்த வெயில் இங்கே 9 மணிக்குத்தான் அடிக்கும். ஏழரை மணி நடையில் அம்மாவுக்குக் கிடைப்பது வெளிச்சம், அவ்வளவுதான். அதுவும் செம்பனை மட்டைகளின் நிழலில் நடந்தால் சொல்லவே வேண்டாம்.

கடிகாரத்தை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்தக் கதிர் தேவையான அளவுக்கு இறங்குகிறது என்று பொருள். இந்த ஊரில் அது ஏறக்குறைய 10.15 மணிக்குத் தொடங்கும். மாலை நேரத்தில் மழை வந்து கெடுப்பது அடிக்கடி நடப்பதால் பத்தரை மணிதான் தோது. முழங்கைவரை கையும் முழங்காலுக்குக் கீழே காலும் வெயிலில் படும்படி, வாரத்தில் சில நாள், இருபது நிமிடம் போல. நம் கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் தேவை. ஆனாலும் தோல் எரியும்வரை நிற்கக் கூடாது. சன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து காய்ந்தால் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் வெயிலில் தலைசுற்றி விழுந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும், அதனால் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். வெளியே போகப் பிடிக்காதவர், உடல் முழுக்கப் போர்த்துபவர் என்றால் இரத்தத்தில் வைட்டமின் டி அளவைச் சோதித்து மாத்திரை எடுப்பதே சுலபம்.

வெயில் நேரடியாக எலும்பை வலுவாக்குவதில்லை. சாப்பிட்ட சுண்ணாம்புச்சத்தை, அதாவது கால்சியத்தை, குடல் உறிஞ்ச வழிசெய்கிறது. எலும்பில் அதைத் தங்க வைப்பது எலும்பின் மேல் விழும் பாரம். மாதவிடாய் நின்ற பிறகு அந்தத் தங்குதல்தான் சிக்கலாகிறது. எலும்பு எப்போதும் ஒரு பக்கம் கரைந்து, மறுபக்கம் கட்டப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் கரைப்பை அடக்கி வைத்திருக்கும். அது குறைந்ததும் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் கரைப்பு வேகமெடுத்து, சிலருக்கு அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வலி எதுவும் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தேனியிலிருந்து வந்த அம்மா, வயது 61, எடை 47 கிலோ. 46 வயதில் மாதவிடாய் நின்றது. 54 வயதில் அடிபம்புப் பக்கம் வழுக்கி மணிக்கட்டு முறிந்து, புத்தூர் கட்டு போட்டுச் சரியானது. எக்ஸ்ரே, சீட்டு எதுவும் கையில் இல்லை, அதனால் குடும்பத்தில் யாரும் அதை ஒரு நோயாகவே கணக்கெடுக்கவில்லை.

எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்க்கு எலும்புப்புரை என்று பெயர். அதன் அபாயத்தை அறிய ஆசியப் பெண்களுக்கென்று ஓர் எளிய கணக்கு உண்டு, மலேசிய மருத்துவர்களும் பயன்படுத்துவது. எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2 ஆல் பெருக்க வேண்டும். இவருக்கு 47 கழித்தல் 61, அதாவது மைனஸ் 14. பெருக்கினால் மைனஸ் 2.8. மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் அபாயம் குறைவு, மைனஸ் 4-க்குக் கீழே போனால் அதிகம், இவர் நடுவில். நடுவில் இருந்தாலே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுப்பது நியாயம். ஆனால் இவர் விஷயத்தில் கணக்கைவிடப் பெரிய சேதி அந்த மணிக்கட்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், அடுத்த முறிவுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிளினிக்கில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற வயதையும் கேட்பார்கள். மலாயில் ‘புத்துஸ் ஹைட்’ என்றால் புரிந்துகொள்வார்கள். கடப்பிதழை எடுத்துப் போங்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் கூடுதல். ஸ்கேனுக்கு ஈப்போ போக வேண்டியிருக்கும். படுத்தபடி பத்துப் பதினைந்து நிமிடம், ஊசி இல்லை.

ஸ்கேன் தரும் எண் முந்தைய கணக்கு அல்ல, டி-ஸ்கோர் என்பது, எலும்பு அடர்த்தியை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடுவது. இவருக்கு முதுகெலும்பில் மைனஸ் 2.1, இடுப்பில் மைனஸ் 2.6 என்று வருகிறது என்று வையுங்கள். இரண்டில் மோசமானதைத்தான் எடுப்பார்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. இந்த நிலையில் பயிற்சி மட்டும் போதாது, அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பயிற்சியால் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே பெரிது. வாரம் ஒரு முறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரை முதுகெலும்பு முறிவை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காப்பிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விழுங்கிவிட்டு மறுபடி படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? இருப்பதைக் காக்கவும், விழாமல் இருக்கவும். பழகிப்போன பாரத்தை எலும்பு கண்டுகொள்வதில்லை. சமதரையில் எத்தனை வருடம் நடந்தாலும் முதுகெலும்புக்குப் பெரிதாக ஒன்றும் சேராது. சைக்கிளும் நீச்சலும் எலும்புக்குப் பெரிதாகப் பாரம் ஏற்றுவதில்லை. கொஞ்சம் புதிதான, கொஞ்சம் கூடுதலான பாரம் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது. வாசற்படி ஒன்றில் கால் மாற்றி ஏறி இறங்குவது. அடுப்பு மேடையைப் பிடித்தபடி நுனிக்காலில் எழும்பி இறங்குவது, அங்கேயே ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. இவை சுலபமானதும் இரண்டு கையிலும் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம். ஒரே மூச்சாகச் செய்வதைவிடக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்தால் எலும்பு நன்றாக எதிர்வினை காட்டும். வாரம் மூன்று நாள் போதும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு, நம் பெண்கள் அதைத்தான் ஆர்வமாகச் செய்வார்கள்: இடுப்பை வளைத்துக் குனிந்து கால்விரலைத் தொடுவது. எலும்புப்புரை உள்ளவருக்கு இப்படி வளையும்போது முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கலாம். சூரிய நமஸ்காரம் பழகியவர் அதில் இப்படிக் குனியும் இரண்டு நிலைகளை விட்டுவிட வேண்டும். கோலம் போடுவதானால் குனிய வேண்டாம், முழங்காலை மடக்கி உட்கார்ந்து போடட்டும். தண்ணீர் வாளி தூக்குவதும் அப்படியே.

முதுகெலும்பு நசுங்கினாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிவதில்லை, ‘வயசாச்சு, முதுகு வலி’ என்று எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். புடவை அளவில் கவனம் வையுங்கள். எப்போதும் போலக் கட்டியும் கொசுவம் தரையில் இழுபட ஆரம்பித்தால் உயரம் குறைந்திருக்கிறது. இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, வாளி தூக்கிய பிறகு திடீரென்று நடுமுதுகில் வலி பிடித்து நாலைந்து நாளில் தணியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அது தெரியும்வரை பாரம் தூக்குவதை நிறுத்தி வைக்கலாம். ஸ்கேனை மட்டும் மூன்று மாதத்தில் மறுபடி எடுக்கச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். எலும்பு அவ்வளவு மெதுவாக மாறுவதால், ஒன்றிரண்டு வருடம் கழித்து, முடிந்தால் அதே கருவியில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.