பளபளப்பு இல்லையென்று தேன்சிட்டைப் பூங்கொத்தி ஆக்கிவிடாதீர்கள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுக்குமாடிக் காம்பவுண்ட் ஓரமாக ஹமீலியா வரிசையாக நிற்கிறது, ஆரஞ்சுச் சிவப்பில் குழல் குழலாகப் பூக்குமே, அந்தப் புதர்தான். போன வாரம் மூன்றாவது மாடி அக்கா அதில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பறவையின் படத்தை அனுப்பி, "இது பூங்கொத்திதானே தம்பி? பளபளப்பே இல்ல, மூக்கும் குட்டையா நேரா இருக்கு" என்று கேட்டார். முதுகு மங்கிய பழுப்புப் பச்சை, வயிறு வெளிறல், மினுக்கம் துளியும் கிடையாது. அந்த ஒரு படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது பெண் தேன்சிட்டு.

இதில் இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன. தேன்சிட்டு என்றால் மின்ன வேண்டும் என்று நினைப்பது முதலாவது. மினுக்கம் ஆண்களின் சமாச்சாரம். பெங்களூரில் அதிகம் பார்க்கிற ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு இரண்டிலுமே பெண்ணுக்குப் பளபளப்பு கிடையாது. ஆணிடமும் அது எப்போதும் தெரியும் என்று நம்ப முடியாது, ஏனென்றால் அந்த நீலமும் ஊதாவும் சாயம் பூசின மாதிரி இறகில் இருக்கிற நிறம் இல்லை, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கிற நிறம். கோணம் மாறினால் அதே பறவை வெறும் கறுப்பு. நிழலில் உட்கார்ந்த ஊதாத் தேன்சிட்டு ஆண், படத்தில் கரித்துண்டு மாதிரி விழும். அதனால் பளபளப்பு தெரிந்தால் தேன்சிட்டு என்று தைரியமாகச் சொல்லலாம், தெரியவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

அலகுதான் அடுத்தது, அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான். வளைந்த அலகு கேமராவை நோக்கித் திரும்பியிருந்தால், நீளமும் வளைவும் இரண்டுமே படத்தில் காணாமல் போய்விடும், குட்டையான ஒரு முள் மட்டும் மிஞ்சும். அக்காவிடம், "வேற படம் இருக்கா, அடுத்தடுத்து எடுத்தது?" என்று கேட்டேன். நாலு இருந்தன. மூன்றாவதில் தலை சரியாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அலகு கறுப்பு, கிட்டத்தட்ட தலையின் நீளத்துக்கு இருந்தது, அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, நெஞ்சு மட்டும் மஞ்சள், விலாப்பக்கம் மறுபடி வெளிறல். அப்புறம் சந்தேகமே இல்லை, பெண் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. தொண்டையிலும் மஞ்சள் ஏறியிருந்தால் ஊதாத் தேன்சிட்டின் பெண்ணா என்று யோசித்திருப்பேன்.

பூங்கொத்திக்கும் அலகில் லேசான வளைவு உண்டு, இதை மறக்க வேண்டாம். "வளைஞ்சிருக்கு, அதனால தேன்சிட்டு" என்று முடிவு கட்டினால் எதிர்ப்பக்கம் போய் விழுவோம். நம் ஊரில் சாதாரணமாக வருகிற வெளிர் அலகுப் பூங்கொத்தி சுமார் 8 செ.மீ. தான், வால் கத்தரித்துவிட்ட மாதிரி குட்டை. அலகு தலையைவிட நன்றாகவே சின்னது, இளஞ்சிவப்பு கலந்த சதை நிறம். உடம்பின் கீழ்ப்பகுதி அழுக்கு வெள்ளை, மஞ்சள் திட்டு இருக்காது. வளைவைப் பார்க்கும் முன் அலகைத் தலையோடு ஒப்பிட்டு அளந்துவிடுங்கள், பிறகு நிறத்தைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: வெயில் நேராக விழும்போது கறுப்பு அலகின் மேல்விளிம்பு வெளுத்துத் தெரியும், அதனால் நிழல் பக்கத்து ஓரத்தை ஜூம் செய்து பார்ப்பது நல்லது.

தையல்சிட்டுக்கு வருவோம். "பூவில் உட்கார்ந்திருக்கு, அலகு நீளம், அதனால தேன்சிட்டு" என்று இதையும் சேர்த்துவிடுகிறார்கள். தையல்சிட்டும் பூவுக்கு வரும், பூச்சி தேடியும் வரும், இலவம்பூவில் தேன் குடித்துத் தலையெல்லாம் மகரந்தம் அப்பி மஞ்சளாக நிற்கவும் செய்யும். அப்போது அதன் அடையாளமான செம்பழுப்பு நெற்றியே மறைந்துவிடும்! அந்த மாதிரிப் படத்தில் நான் காலைத்தான் முதலில் பார்ப்பேன். தையல்சிட்டின் கால் இளஞ்சிவப்பு, உடம்புக்கு நீளமானது, தேன்சிட்டின் கால் கறுப்பு. அலகும் நீளமாக இருந்தாலும் பெரும்பாலும் நேராகவே போகும், கீழ் அலகு வெளிறியிருக்கும். முதுகுப் பச்சை எந்தக் கோணத்திலும் மினுங்காத மங்கல் பச்சை. படத்தின் நிறத்தைக் கூட்டி அனுப்பினால் அந்தப் பச்சை பளபளப்பது போல ஏமாற்றும், ஆகவே கூட்டாத அசல் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே படம்தான் இருக்கிறது, அலகு உங்களை நோக்கி நீட்டியிருக்கிறது, இலை காலை மறைக்கிறது என்றால்? தொண்டையும் நெஞ்சும் தெரிகிறதா பாருங்கள், மஞ்சள் இருந்தால் வெளிர் அலகுப் பூங்கொத்தி இல்லை. அதுவும் தெரியாவிட்டால் பெயர் போடாமல் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே புதருக்குப் போய், பறவை தலையைத் திருப்புகிறவரை நாலைந்து படம் தொடர்ந்து எடுங்கள்.