எச்.யு.எஃப். பான் வாங்கியாச்சு, பணம் யாருடையது?

எச்.யு.எஃப். என்கிற இந்துக் கூட்டுக் குடும்பத்தை வருமான வரிச் சட்டம் தனியொரு நபராகவே பார்க்கிறது. அதற்குத் தனி பான், தனி ரிட்டர்ன், தனி அடிப்படை விலக்கு உண்டு. பழைய முறையில் அந்த விலக்கு 2.5 லட்சம்; புதிய முறையில் 2025-26 முதல் 4 லட்சம். இதைக் கேள்விப்பட்டதும் ஓடிப்போய் பான் வாங்குகிறவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். வங்கிக் கணக்கு திறக்கவும் பத்திரம் எழுதவும் யாரும் தப்பு செய்வதில்லை. தப்பு அடுத்ததில்தான்.

சொந்தச் சேமிப்பைக் குடும்பக் கணக்கில் போடுவது

பழைய முறையில் 30% வரி கட்டும் ஒருவர், தன் சேமிப்பு 20 லட்சத்தைக் குடும்பக் கணக்குக்கு மாற்றி, 7 சதவீதத்துக்கு டெபாசிட் போட்டார். வருட வட்டி 1,40,000. குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை, எனவே வரியே இல்லை என்று ரிட்டர்னும் போட்டாயிற்று. "உறுப்பினர் கொடுத்தா குடும்பத்துக்கு வரி இல்லன்னு சட்டத்துலயே இருக்கே சார்" என்றார்.

இருக்கிறதுதான். ஆனால் அது அந்த 20 லட்சத்துக்கு மட்டும். அதில் வரும் வட்டி, 1961 சட்டத்தின் 64(2) பிரிவுப்படி, பணத்தைப் போட்டவருடைய வருமானத்தோடு சேரும். செஸ்ஸோடு 43,680 ரூபாய் வரியை அவர்தான் கட்ட வேண்டும். தாமதத்துக்கு வட்டி வேறு. பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டு யோசனை சொல்லும் நண்பர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல்.

இதில் ஒரு வழி உண்டு. அந்த 1,40,000 வட்டியைத் திரும்ப முதலீடு செய்தால், அதில் கிடைக்கும் 9,800 குடும்பத்தின் வருமானம். அது அவரோடு சேராது. ஆகவே வட்டியை எடுத்துத் தனி டெபாசிட்டாகப் போடுங்கள். ஒரே டெபாசிட்டில் வளரவிட்டால், எது யாருடையது என்று வருடா வருடம் பிரித்துக் காட்டி மாளாது.

அப்பா விட்டுச் சென்ற வீடு

அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லாமல் மகனுக்கு வந்தால் அது மகனின் தனிச் சொத்து. 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அந்த வாடகையைக் குடும்பக் கணக்கில் காட்ட முடியாது. காட்ட வேண்டுமானால், வீடு மகனின் கூட்டுக் குடும்பத்துக்கு என்று அப்பாவே உயிலில் எழுதியிருக்க வேண்டும்.

சம்பளம்

உங்களுடையது. குடும்பத்துக்கு மாற்ற முடியாது.

"12 லட்சம் வரை வரி இல்லையாமே?"

அது 87ஏ தள்ளுபடியால் வருவது, தனிநபருக்கு மட்டும். குடும்பத்துக்கு 4 லட்சத்தைத் தாண்டினாலே வரி.

பாதி மட்டும் பிரிப்பது

ஒரு சொத்தை மட்டுமோ, ஒரு மகனை மட்டுமோ பிரித்துவிட்டதாகச் சொன்னால் துறை ஏற்காது. 1978 டிசம்பர் 31-க்குப் பிறகு நடந்த பகுதிப் பாகப்பிரிவினை வரிக் கணக்கில் செல்லாது. முழுதாகப் பிரித்து, அதிகாரியிடம் ஆணை வாங்கும்வரை ரிட்டர்ன் குடும்பத்தின் பெயரிலேயே போகும்.