நன்றி சொல்லும் மடலில் ஒரே ஒரு அறிமுகம்

டொராண்டோவுக்கு வந்து 2 மாதமே ஆன கணக்காளர் ஒருவருக்கு நான் உதவிய கதை இது. அவர் ஒரு வங்கியில் வேலை செய்யும் அக்காவுடன், வேலை பற்றித் தெரிந்துகொள்ள 20 நிமிடம் காபி சாட் பேசினார். பேச்சுவாக்கில் அந்த அக்கா, தன் பழைய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பிரிவுக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார். இவர் விண்ணப்பித்தார், போன் இன்டர்வியூவுக்கும் அழைப்பு வந்தது.

பேசிய அன்றே ஒரு நன்றி அனுப்பியிருந்தார். அது போதும் என்று நினைத்துவிட்டார். ஆனால் தான் சொன்ன தகவல் என்ன ஆனது என்று அந்த அக்காவுக்குத் தெரியவே இல்லை. அழைப்பு வந்த நாளில் போகும் இரண்டாவது மடல்தான் முக்கியம். இன்னொருவரிடம் அறிமுகம் செய்துவைக்கும்படி கேட்க ஏற்ற நேரமும் அதுதான்.

அவர் முதலில் எழுதி வைத்திருந்தது: "வேறு யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்." இப்படிக் கேட்டால், யாரைச் சொல்வது என்று யோசிக்கும் வேலை முழுக்க அக்காவின் தலையில் விழும். மனம் இருந்தாலும் பதில் தள்ளிப்போகும். அதை இப்படி மாற்றினோம்:

"வணக்கம் அக்கா. நீங்கள் சொன்ன வேலைக்கு விண்ணப்பித்தேன், வியாழக்கிழமை போன் இன்டர்வியூ. நீங்கள் சொல்லாவிட்டால் இந்த வேலை என் கண்ணில் பட்டிருக்காது. மிக்க நன்றி. ஒரு உதவி கேட்கலாமா? அந்தப் பிரிவில் முன்பு உங்களோடு வேலை செய்தவர் யாராவது இருந்தால், 15 நிமிடம் பேச விரும்புகிறேன். அங்கே மாதக் கணக்கு முடிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். தோதுப்படாவிட்டால் பரவாயில்லை."

இதன் கீழே, அக்கா அப்படியே ஃபார்வர்ட் செய்யக்கூடிய 3 வரிக் குறிப்பு ஒன்றைத் தனியாகச் சேர்த்தோம்: தான் யார், எத்தனை வருட அனுபவம், என்ன கேட்க விரும்புகிறார். இங்கே பலர், அந்தப் பக்கத்து ஆளிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் அறிமுகம் செய்வார்கள். குறிப்பு கையில் இருந்தால் அந்த வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

கவனியுங்கள், அவர் ரெஃபரல் கேட்கவில்லை. ரெஃபரல் என்றால் அக்கா தன் பெயரை வைத்து ஒருவரைச் சிபாரிசு செய்ய வேண்டும். ஒரே ஒருமுறை பேசியவரிடம் அதைக் கேட்பது அதிகம் என்பது என் கருத்து. அப்புறம், ரெஸ்யூமேவையும் இந்த மடலில் இணைக்க வேண்டாம். இணைத்தால் 15 நிமிடப் பேச்சும் வேலை கேட்பதாகவே தெரியும்.

ஒரு வாரம் பதில் இல்லையா? ஒருமுறை மட்டும் இன்டர்வியூ எப்படிப் போனது என்று எழுதுங்கள், அறிமுகத்தைப் பற்றி மறுபடி பேச வேண்டாம். அறிமுகம் கிடைத்தால் அன்றே பதில் எழுதி, அக்காவுக்கு நன்றி சொல்லி, அவர் முகவரியை பிசிசிக்கு மாற்றிவிடுங்கள். நேரம் குறிக்கும் மடல்களெல்லாம் அவருக்கும் போய்க்கொண்டிருக்கக் கூடாது. பேசி முடித்த பிறகு அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று இரண்டு வரி அவருக்கு எழுதுங்கள்.