தொலைந்த வாடகை அக்ரிமெண்ட்டுக்கு நகல் கேட்கும்போது செய்யும் தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். "அண்ணா, வாடகை அக்ரிமெண்ட் தொலஞ்சுபோச்சு, அதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்று அடிக்கடி யாராவது வந்து நிற்பார்கள். கேஸ் கனெக்‌ஷனுக்கோ பேங்க்கில் முகவரி மாற்றவோ கேட்டிருப்பார்கள், அவசரத்தில் வந்திருப்பார்கள். அந்த "அதே மாதிரி"யில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

முதல் தவறு, பழைய தேதியைப் போட்டுப் புதிதாக ஒன்று தயாரிப்பது. ஓனரும் "சரி, பழைய தேதியே போட்டுக்கோங்க" என்று நல்ல மனதோடு சொல்லிவிடுவார். ஆனால் முத்திரைத்தாளில் வரிசை எண் இருக்கிறது; எந்தத் தேதியில், யார் பெயருக்கு விற்றது என்பதையும் விற்பவர் அதிலேயே குறித்துத் தருகிறார். ஜனவரியில் வாங்கிய தாளில் போன ஜூன் மாத ஒப்பந்தம் இருந்தால் தாளைத் திருப்பிப் பார்க்கிற யாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். பிறகு அதில் இருக்கும் உண்மையான வாடகை, உண்மையான அட்வான்ஸ் மீதும் சந்தேகம் விழும். "பழைய தேதி ஸ்டாம்ப் பேப்பர் கிடைக்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வேலையை நான் செய்வதில்லை.

இரண்டாவது தவறு வெளியில் பார்க்க நேர்மையாகவே இருக்கும். இன்றைய தேதியில் புதிய அக்ரிமெண்ட் போட்டுக்கொள்வது. ஆனால் அது நகல் ஆகாது, புது ஒப்பந்தம். ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, அதையடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. அவருடைய ஒப்பந்தம் 2024 ஜூன் 1-இலிருந்து 11 மாதம். வாடகை 8,500, அட்வான்ஸ் 60,000. ஓனர் பெரிய மனதோடு, "ஜனவரி 1-லேர்ந்து புதுசாப் போட்டுக்கலாம்" என்றார்.

டைப் அடிக்க உட்கார்ந்தபோது அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டேன். ஓனர் 40,000 என்றார், இவர் 60,000 என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. 40,000 பேங்க் வழியாகப் போயிருக்கிறது, 20,000 கையில் கொடுத்திருக்கிறார்; ஓனருக்குப் பேங்க்கில் வந்தது மட்டும்தான் நினைவில் இருந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் 20,000 ரூபாய் போயிருக்கும். இன்னொன்றும் இருந்தது. 11 மாதம் முடியும் முன் காலி செய்தால் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி. பழைய ஒப்பந்தப்படி 2025 ஏப்ரலோடு கெடு முடிகிறது. புதியதில் அது நவம்பருக்குத் தள்ளிப்போகும். இவரோ மே மாதம் மாற்றலாகிப் போகவிருந்தவர்.

"ஓனர்கிட்ட இருக்கிற பிரதி என்னாச்சு?" என்று கேட்டேன். அதை யாருமே கேட்டிருக்கவில்லை! பல வீடுகளில் ஒரே ஒரு முத்திரைத்தாளில்தான் எழுதுவார்கள். அசல் ஓனரிடம், ஜெராக்ஸ் குடித்தனக்காரரிடம். அப்படியென்றால் தொலைந்தது ஜெராக்ஸ்தான். மேல்மாடியில் இருந்த ஓனரின் அசல் நனையாமல் இருந்தது. அதில் 60,000 என்று எழுத்திலும் எண்ணிலும் இருந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆக, கேட்க வேண்டியது ஓனர் வசம் இருக்கும் பிரதியின் ஜெராக்ஸையும், அதன் மேல் அவருடைய கையெழுத்திட்ட ஒப்புதலையும். வெறும் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போவது மூன்றாவது தவறு. அசல் தொலைந்துபோனால் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கச் சட்டம் வழி விடுகிறது. அதோடு, பத்திரத்தில் இருப்பதை எதிர்த்தரப்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த எழுத்தையும் ஏற்கலாம் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 60-வது பிரிவு அது; முன்பு சாட்சியச் சட்டத்தின் 65-வது பிரிவாக இருந்தது. நாளைக்கு அட்வான்ஸ் தகராறு வந்தால் எதிர்த்தரப்பு ஓனர்தான். அவர் கையெழுத்துக்கு மதிப்பு வருவது அதனால்தான்.

கையெழுத்து எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் வாங்கினால் நடுப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்தும் தேதியும் வேண்டும். தேதி, இன்று கையெழுத்துப் போடும் தேதி. கடைசிப் பக்கத்தின் காலி இடத்திலோ தனித்தாளிலோ நான் இப்படி எழுதித் தருவேன்:

"இத்துடன் உள்ள 3 பக்கங்களும் 01.06.2024 தேதியிட்ட வாடகை ஒப்பந்தத்தின் உண்மை நகல். குடியிருப்பவர் வசம் இருந்த பிரதி வெள்ளத்தில் அழிந்துவிட்டதாகத் தெரிவித்ததால் இந்த நகலை வழங்குகிறேன். அட்வான்ஸ் ரூ.60,000 (அறுபதாயிரம்) என் வசம் உள்ளது. 2024 டிசம்பர் வரை வாடகை பாக்கி இல்லை. இது புதிய ஒப்பந்தம் அல்ல. பழைய நிபந்தனைகளே தொடர்கின்றன."

"இது புதிய ஒப்பந்தம் அல்ல" என்ற வரியை விட்டுவிட வேண்டாம். அது இருவருக்கும் காவல். 5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றதை ஒப்புக்கொள்வதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து ஏறும்படி வாங்கிக்கொள்வது நல்லது.

ஓனர் பிரதியும் போயிருந்தால்? டைப் அடித்த கடையின் கம்ப்யூட்டரில் ஃபைல் கிடைக்கலாம். அதில் கையெழுத்து இருக்காது, அதனால் அதை "நகல்" என்று சொல்லக்கூடாது. ஒப்பந்தம் எந்தத் தேதியில் போட்டது, என்ன வாடகை, என்ன அட்வான்ஸ், எத்தனை மாதம் என்று ஓனர் தன் கைப்பட உறுதிக் கடிதம் தரலாம். முன்பு சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களே இதிலும் போட்டால் இன்னும் பலம்.

கையெழுத்து யாருடையது என்பதையும் பாருங்கள். வாடகையை மாதாமாதம் வாங்குவது மகனாக இருக்கும்; ஒப்பந்தத்தில் இருப்பது அம்மாவின் பெயர். மகன் போட்ட கையெழுத்தை பேங்க்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். இரண்டு மாத பாக்கியை வைத்துக்கொண்டு, அல்லது "காலி பண்ணுங்க" என்று சொன்ன மறுநாள் போய்க் கேட்டால், கோர்ட்டுக்குப் போகத்தான் கேட்கிறார் என்று ஓனருக்குத் தோன்றும். வாடகை கொடுக்கும் நாளில், எதற்கு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். "உங்களுக்கும் ஒரு செட் எடுத்துத் தரேன்மா" என்றால் பெரும்பாலும் பேனா தானாக வெளியே வரும். முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போனால் கேட்டதற்கும் தேதியோடு தடயம் இருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த ஒப்பந்தம் என்றால் ஓனரைத் தேடவே வேண்டாம். பதிவு எண்ணையும் வருடத்தையும் கொடுத்துச் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். 11 மாத ஒப்பந்தங்கள் பல பதிவாவதில்லை; அவற்றுக்கு அங்கே எதுவும் கிடைக்காது. நோட்டரி முத்திரை இருப்பதைப் பதிவு என்று நினைத்து அலைபவர்கள் உண்டு, அது வேறு. பாண்டிச்சேரியில் வாடகைச் சட்டம் தமிழ்நாட்டுடையது அல்ல. ஆனாலும் நகலையும் ஒப்புதலையும் பற்றி மேலே சொன்னவை அங்கேயும் பொருந்தும்.

அந்த வெள்ளக்காரருக்கு இரண்டு செட் எடுத்துக் கொடுத்தேன். ஓனரம்மா ஆறு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தன் செட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே, "இதையாவது பீரோ மேல்தட்டுல வைப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.