நன்னடத்தைச் சான்றிதழாகிவிடும் பரிந்துரைக் கடிதம்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களில் பலர் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத் தளத்தின் வழியாக விண்ணப்பிக்கின்றனர். பல கல்லூரிகள் பாட ஆசிரியர் ஒருவரிடமிருந்தோ இருவரிடமிருந்தோ பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன. தமிழ்வழிப் பள்ளியில் இயற்பியலோ கணிதமோ நடத்தும் ஆசிரியர், தமக்குச் சரளமாக வரும் தமிழில் கடிதத்தை எழுதி, அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பச் செய்வது முற்றிலும் ஏற்கத்தக்க வழி. தட்டுத்தடுமாறி எழுதிய ஆங்கிலக் கடிதத்தைவிட, நல்ல தமிழ்க் கடிதத்தின் நேர்மையான மொழிபெயர்ப்பே மாணவருக்குப் பயன்படும். ஆயினும் இந்த வழியில் சில தவறுகள் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, நம் பள்ளி அலுவலகங்களின் நன்னடத்தைச் சான்றிதழ் நடையிலேயே பரிந்துரைக் கடிதத்தையும் எழுதிவிடுவது. "இம்மாணவி எம் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் பயின்றவர். ஒழுக்கமும் பணிவும் கடின உழைப்பும் மிக்கவர். ஆசிரியர்களிடம் மரியாதையும் சக மாணவர்களிடம் அன்பும் கொண்டவர். அவர் வாழ்வில் எல்லா நலன்களும் பெற வாழ்த்துகிறேன்." இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் அதே வகுப்பின் நாற்பது பேருக்கும் இது பொருந்தும். பரிந்துரையைப் படிக்கும் சேர்க்கை அலுவலர் அந்த மாணவியை ஒருபோதும் பார்த்ததில்லை. மாணவியின் மதிப்பெண் பட்டியலும் சொந்தக் கட்டுரையும் ஏற்கெனவே அலுவலரின் மேசையில் இருக்கின்றன. ஆகவே 600-க்கு எத்தனை மதிப்பெண் என்று கடிதத்தில் மறுபடியும் எழுதுவது வீண். வகுப்பறைக்குள் ஆசிரியர் மட்டுமே கண்ட ஒன்றைத்தான் அலுவலர் தேடுகிறார்.

அப்படி ஒன்றை எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்கிறோம். விடை 9.8-ஐ ஒட்டி வரவேண்டும் என்பது எல்லா மாணவர்களுக்கும் தெரியும். எனவே அளவீடு பிசகினால் அட்டவணையைச் "சரிசெய்து" எழுதுவதும் நாம் அறியாதது அன்று. மாணவி ஒருவருக்கு 50 செ.மீ. நீளத்தில் 9.4 என்றும், 100 செ.மீ. நீளத்தில் 9.6 என்றும் விடை வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் எண்களை மாற்றாமல், நீளம் குறையும்போது பிழை ஏன் கூடுகிறது என்று யோசிக்கிறார். குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியின் மேல்முனை வரை மட்டுமே அளந்ததால் ஒவ்வொரு முறையும் சுமார் 2 செ.மீ. விடுபட்டதைக் கண்டுபிடித்து, மறுநாள் உணவு இடைவேளையில் வந்து மீண்டும் அளக்கிறார். இந்த நிகழ்வை ஆறேழு வரிகளில் எழுதினால், நேர்மை, பொறுமை, அறிவியல் மனப்பாங்கு ஆகிய சொற்களில் ஒன்றைக்கூடக் கடிதம் பயன்படுத்த வேண்டியதில்லை. அச்சிட்ட தாளில் ஏறக்குறைய ஒரு பக்கம் நீளும் கடிதத்துக்கு இத்தகைய நிகழ்வுகள் இரண்டு போதும். கடிதத்தின் தொடக்கத்தில், மாணவியை எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எவ்வளவு காலம் அறிவீர்கள் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு நேராக நிகழ்வுக்குப் போய்விடலாம்.

குடும்ப வறுமையைக் குறிப்பிடும் விதமும் கவனத்துக்குரியது. "மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்த இம்மாணவிக்குத் தாங்கள் கருணை கூர்ந்து இடமளிக்க வேண்டுகிறேன்" என்று மன்றாடுவது, உள்ளூர் உதவித்தொகைக் கடிதங்களிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். கல்விக் கட்டண உதவிக்குத் தனிப் படிவங்கள் உண்டு. குடும்பத்தின் வருமானத்தை அவையே பேசும். அதற்காகச் சூழலை மறைக்கவும் வேண்டாம். பள்ளியின் ஆய்வகத்தில் ஒரே ஒரு நிறமாலைமானிதான் இருக்கிறது, மாணவி இரண்டு பேருந்து மாறி வருகிறார், காலையில் தாயின் கடையைத் திறந்துவைத்துவிட்டு வருகிறார் என்பன போன்ற செய்திகள், அவர் செய்தவற்றை எந்த நிலையில் செய்தார் என்று காட்டுகின்றன. அவற்றை வேண்டுகோளாக இல்லாமல் தகவலாகத் தருவதே முறை.

மொழிபெயர்ப்புக் கட்டத்தில் நிகழும் தவறு இவற்றைவிடக் கடுமையான விளைவைத் தரக்கூடியது: கடிதத்தை மாணவரிடமே கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வது. வகுப்பில் ஆங்கிலம் நன்றாக வருவது அவருக்குத்தான் என்பதால் இது இயல்பாகத் தோன்றும். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கல்லூரியில் சேர்ந்த மாணவருக்குத் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் தளத்திலேயே ஒப்புதல் அளிக்கின்றனர். ஆசிரியர் தயக்கமின்றி எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கை அதனால்தான் பிறக்கிறது. தம்மைப் பற்றிய கடிதத்தை மாணவரே மொழிபெயர்த்தார் என்றால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. மாணவரின் கட்டுரை நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருந்தால் ஐயமும் எழும்.

பள்ளியின் ஆங்கில ஆசிரியரோ, மாணவரோடு உறவில்லாத மொழிபெயர்ப்பாளரோ இதைச் செய்யலாம். மொழிபெயர்ப்பின் முடிவில், இது மூலத்துக்கு உண்மையானது என்ற ஒரு வரியும், மொழிபெயர்த்தவரின் பெயர், பதவி, கையொப்பம், தேதி ஆகியவையும் இருக்கவேண்டும். ஆசிரியர் கையொப்பமிட்ட தமிழ் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரே கோப்பாக இணைத்து அனுப்புவது நல்லது. மொழிபெயர்ப்பவர் அழகுபடுத்துவதாக எண்ணி மூலத்தில் இல்லாத புகழ்மொழிகளைச் சேர்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆசிரியரும் தம் பங்குக்கு, எழுவாயை விட்டுவிட்டு எழுதும் நம் வழக்கத்தைச் சற்று அடக்கிக்கொண்டு, யார் எதைச் செய்தார் என்பது தெளிவாகத் தெரியும்படி எழுதினால் மொழிபெயர்ப்பு பிசகாது. மாணவியின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, முன்னெழுத்தின் விரிவோடு, இரண்டு தாள்களிலும் இருக்கட்டும்.

கடிதத்தைப் பதிவேற்ற வேண்டியவரும் ஆசிரியரே. மாணவர் தம் விண்ணப்பத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டதும் அந்த முகவரிக்கு ஓர் இணைப்பு வரும். இங்கு மாணவரின் உறவினர் தொடங்கித் தந்த புதிய முகவரியைப் பயன்படுத்துவது, ஆசிரியர் அறியாமலேயே ஒரு போலிக் கடிதத்துக்குரிய தோற்றத்தைத் தந்துவிடும். தாம் வழக்கமாகப் பயன்படுத்தும் முகவரியை, இயன்றால் பள்ளியின் முகவரியை, ஆசிரியர் தருவதே சரி.

அந்த இணைப்பில் கடிதத்தோடு ஒரு மதிப்பீட்டுப் படிவமும் இருக்கும். வகுப்பு விவாதத்தில் பங்கேற்பு, எழுத்துத்திறன், தன்னம்பிக்கை போன்ற தலைப்புகளில் மாணவரை, சராசரிக்குக் கீழ் என்பதிலிருந்து முதல் பத்து விழுக்காடு, முதல் ஐந்து விழுக்காடு, நான் கண்டவர்களில் மிகச் சிலருள் ஒருவர் என்பது வரை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். மாணவிக்கு நன்மை செய்வதாக எண்ணி எல்லாக் கட்டங்களிலும் உச்ச மதிப்பையே குறிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எந்தக் குறியும் நம்பப்படுவதில்லை. இயற்பியல் ஆசிரியருக்கு மாணவியின் எழுத்துத்திறனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால், கருத்துச் சொல்ல அடிப்படை இல்லை என்ற கட்டத்தைக் குறிக்கலாம். உச்ச மதிப்பைத் தரும் இடத்தில், அதற்கு ஆதாரமான நிகழ்வு கடிதத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள்; அனுப்பிய கடிதத்தைப் பின்னர் நாமாகவே திருத்த இயலாது.